அக்டோபர் பக்கத்தில் இல்லாத தீபாவளி: மாதப் பண்டிகை நாட்காட்டிக்குத் தலைப்பும் விவரிப்பும்

[திரை: கூகுள் தேடல் பெட்டி. "தீபாவளி 2026 எப்போது" என்று தட்டச்சு ஆகிறது]

வணக்கம். இந்தக் கேள்வியை மக்கள் எப்போது தேடுவாங்கன்னு நினைக்கிறீங்க? நவம்பர் முதல் வாரத்திலா? அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிடும். ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி திறக்குது. 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை 6-ம் தேதி ஊருக்குக் கிளம்பணும்னா, டிக்கெட் செப்டம்பர் 7-ம் தேதி காலையிலேயே போடணும். அதுக்கு முன்னாடி தேதி தெரிஞ்சாகணும் இல்லையா? அதனால உங்க பண்டிகை நாட்காட்டித் தளத்துல நவம்பர் பக்கத்தோட தலைப்பு, அதாவது கூகுள் தேடல் முடிவுல தெரியுற வரி, ஆகஸ்ட் நடுவிலேயே தயாரா இருக்கணும். நீங்க மாத்தின உடனே கூகுள் மாத்தாது. அது மறுபடி பக்கத்தைப் படிக்கச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம்.

[திரை: இரண்டு தாள்கள். 2025 அக்டோபர் 20, 2026 நவம்பர் 8]

இப்ப நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்றேன். நான் பார்த்துக்கிட்ட நாட்காட்டியில 12 மாதத்துக்கு 12 பக்கம். ஆண்டு மாறும்போது தலைப்புல பழைய எண்ணை எடுத்துட்டுப் புது எண்ணைப் போட்டேன், அவ்வளவுதான். 2025-ல தீபாவளி அக்டோபர் 20. அதனால அக்டோபர் பக்கத் தலைப்புல தீபாவளி இருந்தது. எண் மட்டும் மாறினதும் "அக்டோபர் 2026 பண்டிகைகள்: தீபாவளி" ஆயிடுச்சு. அந்த மாசத்துல தீபாவளியே கிடையாது!

ரெண்டு வருஷமும் தீபாவளி ஐப்பசியிலதான் வருது. ஆனா ஐப்பசி அக்டோபர் நடுவுல தொடங்கி நவம்பர் நடுவுல முடியுது, அமாவாசையும் ஒவ்வொரு வருஷமும் நகருது. 2023-ல நவம்பர் 12, 2024-ல அக்டோபர் 31. அதனால ஆங்கில மாதப் பக்கத்துல எண்ணை மட்டும் மாத்துறது எந்த வருஷமும் போதாது. பண்டிகைப் பெயரையும் பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதணும்.

[திரை: நவம்பர் பக்கத்தின் நிரல்]

நவம்பர் பக்கத்துக்கு நான் எழுதுறது இது.

```html
<title>நவம்பர் 2026 பண்டிகைகள்: தீபாவளி நவ. 8, ஞாயிறு</title>
<meta name="description" content="2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. கந்த சஷ்டி, கார்த்திகை தீபம், பிரதோஷம், ஏகாதசி தேதிகளும் நல்ல நேரமும் ஒரே பக்கத்தில்.">
```

முதல்ல மாதமும் ஆண்டும், அடுத்து அந்த மாசத்துல அதிகம் தேடப்படுற ஒரே ஒரு பண்டிகை, அதோட கிழமை. லீவு கணக்குப் போடுறவங்களுக்குத் தேதியை விடக் கிழமைதான் முக்கியம். தேதியைத் தலைப்பிலேயே சொல்லிட்டா யாரும் உள்ளே வரமாட்டாங்கன்னு சிலர் மறைப்பாங்க. எனக்கு அதுல உடன்பாடில்லை. தேதியை எப்படியும் கூகுளே மேலே காட்டிடும். அதனால தலைப்புக்குக் கீழே வர்ற விவரிப்புல அதைத் தாண்டி உள்ளே என்ன இருக்குன்னு சொல்லிடுங்க.

நீளத்தைப் பத்தி ஒண்ணு. கூகுள் எழுத்தை எண்ணி வெட்டுறதில்லை, திரையில இருக்கிற அகலத்தை வெச்சுத்தான் வெட்டுது. "தீபாவளி" நம்ம கண்ணுக்கு நாலு எழுத்து, எண்ணிக் காட்டுற கருவிக்கு ஏழு. தீ, பா, ளி மூணுலயும் உயிர்க்குறியைத் தனியா எண்ணிடும். அதனால கருவி சொல்ற எண்ணை நம்பாம, போன்ல தேடிப் பார்த்து எங்க வெட்டுதுன்னு பாருங்க. வெட்டினாலும் பரவாயில்லைங்கிற சொல்லைக் கடைசியில வைங்க.

விவரிப்பு தரவரிசையை உயர்த்தாது. தேடின சொல்லுக்கு உங்க பக்கத்துக்குள்ள இருக்கிற வேற வரி பொருத்தமா இருந்தா, கூகுள் அதை எடுத்துப் போட்டுக்கும். அதனால பக்கத்தோட முதல் பத்தியிலும் அதே தேதியை முழு வாக்கியமா எழுதிடுங்க. பக்கத்துக்குள்ள இருக்கிற பெரிய தலைப்புலயும் 2026 இருக்கணும். அங்க 2026-ன்னும் title-ல 2025-ன்னும் இருந்தா, கூகுள் உங்க title-ஐ விட்டுட்டு தானே ஒண்ணு எழுதிக்கலாம்.

[திரை: அக்டோபர் பக்கம்]

அந்த அக்டோபர் பக்கத்தை என்ன பண்ணேன்? போன வருஷப் பழக்கத்துல தீபாவளி தேடுறவங்க அங்கேதான் வந்து விழுவாங்க. அவங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. தலைப்பை "அக்டோபர் 2026 பண்டிகைகள்: ஆயுத பூஜை அக். 19, திங்கள்" என்று மாத்திட்டு, விவரிப்போட கடைசியில "தீபாவளி இந்த ஆண்டு நவம்பர் 8" என்று சேர்த்தேன். பக்கத்துக்குள்ள அந்த வரியை நவம்பர் பக்கத்துக்கு இணைப்பாக்கினேன். முகவரியில ஆண்டு எண் இல்ல, வெறும் `/october/` தான், அதனால பழைய இணைப்பு எதுவும் அறுந்து போகலை.

[திரை: சர்ச் கன்சோல், வினவல் பட்டியல்]

சரியாச்சான்னு பார்க்க, தளம் வெச்சிருக்கிறவங்களுக்குக் கூகுள் தர்ற சர்ச் கன்சோல் கருவியில அக்டோபர் பக்கத்தை மட்டும் வடிகட்டி, "தீபாவளி" வர்ற வினவல்களைப் பாருங்க. தேடல்ல தெரிஞ்சது நிறைய தடவை, கிளிக் குறைவுன்னு இருந்தா, பழைய தலைப்பே இன்னும் தேடல்ல தெரியுதான்னு முதல்ல பாருங்க. தெரிஞ்சா, மேலே URL பரிசோதனைப் பெட்டியில முகவரியைப் போட்டு மறுபடி படிக்கச் சொல்லிக் கேளுங்க. செப்டம்பர் 7-க்கு முன்னாடி.