மாதச் செலவுக்கு வாரக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கூட்டுறவு நாணயச் சங்கத்தில் பல ஆண்டுகள் கணக்கராக இருந்தவன் என்ற முறையில், சம்பளம் வாங்கும் குடும்பங்களின் பண நெருக்கடியை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கைமாற்றுக் கடன் கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் மாதத்தின் 20ஆம் தேதிக்குப் பிறகுதான் வருவார்கள். அவர்களில் ஊதாரிகள் மிகக் குறைவு. முதல் தேதியன்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்து வாடகை இவ்வளவு, மளிகை இவ்வளவு என்று எழுதியவர்கள்தாம் அவர்கள். அந்தத் தாள் 10ஆம் தேதி வரையில் நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு கணக்கு எங்கே நழுவியது என்று அவர்களுக்கே தெரிவதில்லை.

அது நழுவுகிற இடத்தை ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன். மதுரையில் வாடகை வீட்டில் இருக்கும் கணவன், மனைவி, பள்ளி செல்லும் ஒரு பிள்ளை, வயதான தாயார். இருவர் வருமானமும் சேர்ந்து கைக்கு வருவது 36,000 ரூபாய். 12ஆம் தேதி மாலை அந்த அம்மாள் காய்கறிக் கடையில் நின்றுகொண்டு கைபேசியில் வங்கி இருப்பைப் பார்க்கிறார். 11,000 ரூபாய் இருக்கிறது. மாதம் பாதிகூட முடியவில்லை, கையில் இவ்வளவு இருக்கிறதே என்ற நிம்மதியில், வழியில் பேக்கரியிலும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போகிறார். ஆனால் அந்த 11,000 ரூபாயில் 15ஆம் தேதி பிடிக்கப்படும் வண்டித் தவணை 3,200 ரூபாயும், 18ஆம் தேதி கட்ட வேண்டிய சீட்டுப் பணம் 3,000 ரூபாயும் அடங்கியிருக்கின்றன. அந்த இரண்டும் போனால் மிஞ்சுவது 4,800 ரூபாய்தான். திரையில் தெரிந்த தொகை உண்மை. ஆனால் அதில் பாதிக்கு மேல் அவர் செலவு செய்யக்கூடிய பணம் அன்று. மாத நடுவில் கணக்குத் தப்புவதற்கு நான் கண்ட முதற் காரணம் இதுதான்: ஏற்கெனவே பேர் எழுதப்பட்ட பணமும், நாம் எடுத்துச் செலவழிக்கலாம் என்ற பணமும் ஒரே கணக்கில் கலந்து கிடக்கின்றன.

ஆகவே வார வரம்பு என்பதை முழுச் சம்பளத்தின் மீது போடக் கூடாது. வாடகை, தவணை, மாத மளிகை, பால், கேஸ், பள்ளி வேன், சீட்டு, தாயாரின் மருந்து, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் மின்கட்டணத்தில் இந்த மாதத்துப் பாதி என்று தேதியும் தொகையும் முன்கூட்டியே தெரிந்தவை எல்லாவற்றையும் முதலில் கழித்துவிட வேண்டும். இந்தக் குடும்பத்தில் அது 28,000 ரூபாய் ஆயிற்று. மீதி 8,000 ரூபாயில், மொய்க்கும் திடீர்க் காய்ச்சலுக்கும் என்று 800 ரூபாயைத் தனியே வைத்தார்கள். எஞ்சிய 7,200 ரூபாய்தான் காய்கறி, பெட்ரோல், ஞாயிற்றுக்கிழமைக் கறி, பிள்ளையின் தீனி, டீ, சில்லறைச் செலவு ஆகியவற்றுக்கு உரிய பணம். வாரக் கணக்கு இந்த 7,200 ரூபாய்க்கு மட்டுந்தான்.

இதை எப்படிப் பிரிப்பது? எல்லோரும் உடனே நான்கால் வகுத்து, வாரத்துக்கு 1,800 ரூபாய் என்று சொல்லிவிடுவார்கள். பிப்ரவரியைத் தவிர வேறு எந்த மாதத்துக்கும் இது பொருந்தாது. நான்கு வாரங்களுக்கு 28 நாட்கள்தாம்; 29, 30 ஆகிய தேதிகளுக்கு ஒரு ரூபாயும் ஒதுக்கப்படாமல் போகிறது. வாரந்தோறும் வரம்பைத் தாண்டாமல் ஒழுங்காகச் செலவழித்தவர்கள்கூட மாதக் கடைசியில் கைமாற்று வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்த தவறு இந்த வகுத்தல் ஒன்றுதான். முதலில் நாட்களால் வகுக்க வேண்டும். 7,200 ரூபாயை 30 நாளால் வகுத்தால் நாளுக்கு 240 ரூபாய். ஏழால் பெருக்கினால் வாரத்துக்கு 1,680 ரூபாய். கடைசி இரண்டு நாட்களுக்கு 480 ரூபாய் மிச்சம் நிற்கும்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு வாரத்தைக் கிழமையால் தொடங்குவதைவிடத் தேதியால் தொடங்குவது எளிது என்பது என் கருத்து. 1, 8, 15, 22 ஆகிய தேதிகளில் வாரம் பிறக்கும். 29ஆம் தேதி சிறு மிச்ச வாரம் தொடங்கும். எந்த ஏழு நாளை எடுத்தாலும் அதில் ஒரு ஞாயிறு இருந்தே தீரும் என்பதால், கறிச் செலவு வாரத்துக்கு ஒன்றாகவே அமையும். ஐந்து ஞாயிறு வரும் மாதத்தில் மட்டும் கவனம் வேண்டும். அந்த ஐந்தாவது ஞாயிறு 29, 30, 31 ஆகியவற்றுள் ஒன்றில்தான் வரும். 480 ரூபாயில் கறியும் வாங்கி இரண்டு நாட்களையும் ஓட்டுவது கடினம். முதல் தேதியன்றே நாள்காட்டியைப் பார்த்து, அப்படிப்பட்ட மாதமானால் ஒவ்வொரு வாரத்திலிருந்தும் 50 ரூபாயைக் குறைத்துக்கொண்டால், மிச்ச வாரத்துக்கு 680 ரூபாய் கிடைத்துவிடும்.

அடுத்தது, இந்தப் பணம் கண்ணுக்குத் தனியாகத் தெரிய வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் முன்பு அஞ்சறைப்பெட்டியிலும் அரிசிப் பானையிலும் பணத்தைப் பிரித்து வைத்தது இதற்காகத்தான். இப்போது கீரைக்காரம்மாவிடம்கூடக் கைபேசியை நீட்டிப் பணம் செலுத்துகிறோம். ஆகவே இந்தக் குடும்பம் இரண்டாவதாக ஒரு சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தியது. சம்பளம் வரும் கணக்கிலிருந்து 1, 8, 15, 22 தேதிகளில் 1,680 ரூபாயை இந்தக் கணக்குக்கு மாற்றுவார்கள். கைபேசியில் பணம் செலுத்தும் செயலியில் இந்தக் கணக்கை மட்டும் இணைத்திருப்பார்கள். இப்போது அந்த அம்மாள் காய்கறிக் கடையில் இருப்பைப் பார்த்தால் 620 ரூபாய் என்று தெரியும். அது முழுவதும் 14ஆம் தேதி வரைக்கும் அவருடையது. இரண்டாவது கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டுமா என்பதை மட்டும் வங்கியில் கேட்டுக்கொள்ள வேண்டும்; வேண்டியிருந்தால் அபராதம் பிடித்தே அந்தக் கணக்குக் கரைந்துவிடும். ரொக்கமாகவே புழங்குகிறவர்களுக்கு, மிச்ச வாரத்தையும் சேர்த்து ஐந்து கவர்கள் போதும்.

இனி, வரம்பு மீறும்போது என்ன செய்வது என்பதைப் பார்ப்போம். முதல் வாரத்தில் அவர்கள் 1,590 ரூபாய் செலவழித்தார்கள். 90 ரூபாய் மிச்சம். இரண்டாம் வாரத்தில் ஊரிலிருந்து உறவினர்கள் வந்தார்கள். மீன் வாங்கியதும் பலகாரம் வாங்கியதுமாக 1,980 ரூபாய் ஆகிவிட்டது. வரம்புக்கு மேல் 300 ரூபாய். முன்வாரத்து மிச்சத்தைக் கழித்தால் 210 ரூபாய் துண்டு. அந்த 210 ரூபாயை மூன்றாம் வாரத்தில் கழித்தார்கள். 1,680 ரூபாய் 1,470 ஆயிற்று. நாள் கணக்கில் 240 ரூபாய் 210 ஆயிற்று. நாளுக்கு 30 ரூபாய் குறைப்பது ஒரு குடும்பத்தால் ஆகிற காரியம். மாதக் கணக்கு மட்டும் இருந்திருந்தால் இந்த மீறல் அவர்கள் கண்ணில் பட்டிருக்காது. அதே வேகத்தில் முதல் தேதியிலிருந்தே செலவாகியிருந்தால் 7,200 ரூபாயும் 26ஆம் தேதிக்குள் தீர்ந்திருக்கும், அப்போது குறைத்துக்கொள்ள நாட்களும் இல்லை, பணமும் இல்லை. வார வரம்பு செலவைத் தடுக்கிறது என்பதைக் காட்டிலும், தவறு சிறியதாக இருக்கும்போதே அதைக் காட்டிக்கொடுக்கிறது என்பதுதான் அதன் பயன்.

ஆயினும் கழிப்பதற்கும் ஓர் அளவு உண்டு. இவர்களுடைய 1,680 ரூபாயில் காய்கறிக்கு 600, பெட்ரோலுக்கு 350, கறிக்கு 400, தீனிக்கும் சில்லறைக்கும் 330 ரூபாய். காய்கறியிலும் பெட்ரோலிலும் கைவைக்க முடியாது. கறியையும் தீனியையும் பாதியாக்கினாலும் 1,300 ரூபாய்க்குக் கீழே அந்த வீடு இறங்காது. எனவே ஒரு வாரத்தில் 380 ரூபாய்க்கு மேல் கழிக்க நினைத்தால், அடுத்த வாரம் கட்டாயம் மறுபடியும் மீறும். 600 ரூபாய் துண்டு விழுந்தால் அதை இரண்டு வாரங்களுக்கு 300, 300 என்று பரப்ப வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் தனது இந்த அடித்தளத் தொகையை ஒரு முறை எழுதிப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

தொடர்ந்து மூன்று மாதங்கள் வாரத்துக்கு வாரம் மீறிக்கொண்டே இருந்தால், உங்களுக்குக் கட்டுப்பாடு போதவில்லை என்று எண்ணி வருந்தாதீர்கள். வரம்பே தவறாகப் போடப்பட்டிருக்கிறது. வேலைக்குப் போகும் தூரம் கூடியிருக்கலாம், பிள்ளை வளர்ந்திருக்கலாம். அப்போது வார வரம்பை உயர்த்தி, சீட்டையோ வேறு ஒன்றையோ குறைக்க வேண்டும். குறைக்க எதுவுமே இல்லையென்றால் வருமானம் போதவில்லை என்று பொருள். எந்த வகுத்தலாலும் அதைச் சரிசெய்ய முடியாது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

இந்த முறையைச் சத்தமில்லாமல் கெடுப்பவை இரண்டு: தெருமுனைக் கடையின் பற்று நோட்டு, கடன் அட்டை. கையிலிருந்து பணம் போகாததால், வரம்புக்குள் இருக்கிறோம் என்று தோன்றும். 9ஆம் தேதி அண்ணாச்சி கடையில் நோட்டில் எழுதச் சொல்லி வாங்கிய 140 ரூபாய், 8ஆம் தேதி பிறந்த அந்த வாரத்துச் செலவுதான். பணம் கொடுக்கும் தேதி கணக்கில்லை. அன்றிரவே அந்த 140 ரூபாயை வாரக் கணக்கிலிருந்து சம்பளக் கணக்குக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், அல்லது கவரிலிருந்து எடுத்துத் தனியே வைக்க வேண்டும். கடன் அட்டைக்கும் இதே முறைதான்.

சனிக்கிழமை தோறும் கூலி வாங்கும் கட்டடத் தொழிலாளர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாக வரும். அவர்களுக்கு வாரம் இயல்பாகவே கையில் இருக்கிறது. நழுவுவது மாத வாடகைதான். 6,500 ரூபாய் வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி, ஆண்டின் 52 வாரங்களால் வகுத்தால் வாரத்துக்கு 1,500 ரூபாய் வரும். கூலி வாங்கிய சனிக்கிழமை இரவே அந்த 1,500 ரூபாயை எடுத்து வைத்துவிட்டு, மீதியை ஏழு நாளுக்குப் பங்கிட்டுக்கொள்ளலாம். வேலை இல்லாத மழை வாரங்கள் வரும் என்பதால், வேலை நிறைந்த வாரங்களில் 1,500 ரூபாயோடு நிறுத்தாமல் முடிந்த அளவு கூடுதலாகவே எடுத்து வைப்பது அவர்களுக்கு அவசியம்.

நன்றி. வணக்கம்.