ஆறு சைடு எஃபெக்ட், மூணு பக்கம்: ஃபார்மகாலஜி க்விஸ்ஸுக்கு நான் படிக்கிற விதம்

வணக்கம் மக்களே. நேரா விஷயத்துக்கு வர்றேன். அமிட்ரிப்டிலினோட சைடு எஃபெக்ட் சொல்லுங்கன்னு கேட்டா, நம்ம ஆளுங்க கண்ணை மூடிட்டு ஒப்பிக்க ஆரம்பிச்சிடுவாங்க: வாய் வறட்சி, மலச்சிக்கல், பார்வை மங்கல், தூக்கம், எடை கூடுறது, எழுந்து நின்னா தலைசுத்தல். அடுத்து குளோர்ப்ரோமசின்னு கேட்டா, கிட்டத்தட்ட இதே ஆறையும் இன்னொரு பட்டியலா வேற பக்கத்துல மனப்பாடம் பண்ணி வச்சிருப்பாங்க. க்விஸ்ல இப்படி நாலு மருந்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேட்டா எது எதோடதுன்னு எல்லாம் கலந்துடும்.

நான் மருந்துப் பேரைத் தலைப்பா எழுதுறதே இல்லை. மருந்து எந்த ரிசெப்டரை அடைக்குதோ, அதுதான் தலைப்பு. இந்த நோட்டைக் கேமரா கிட்ட காட்டுறேன் பாருங்க. முதல் பக்கத்துல மஸ்கரினிக்னு போட்டிருக்கேன். அதுக்குக் கீழ நான் சைடு எஃபெக்ட் எதுவும் எழுதலை, கவனிச்சீங்களா? அசிடைல்கோலின் அந்த ரிசெப்டர்ல உட்கார்ந்தா என்ன வேலை நடக்கும்ங்கிறதை மட்டும்தான் எழுதியிருக்கேன். எச்சில் சுரக்கும், வியர்க்கும், குடல் நகரும், சிறுநீர்ப்பை சுருங்கும், கண்பாவை சுருங்கும், கிட்டத்துல இருக்கிறதைப் பார்க்க லென்ஸ் சரியாகும், இதயம் நிதானமாத் துடிக்கும். இந்த ரிசெப்டரை அடைச்சா எல்லாமே தலைகீழ். வாய் வறளும், தோல் காயும், மலச்சிக்கல் வரும், சிறுநீர் கட்டும், கண்பாவை விரியும், கிட்டத்துல இருக்கிறது மங்கலாத் தெரியும், நாடி வேகமாகும். மூளைக்குள்ளயும் போற மருந்தா இருந்தா குழப்பமும் சேரும், அதுவும் வயசானவங்களுக்கு.

அதே பக்கத்தோட ஓரத்துலதான் மருந்துப் பேரெல்லாம் இருக்கு. அட்ரோபின், ஹயோசின், ஆக்ஸிபியூட்டினின், ட்ரைஹெக்ஸிஃபெனிடில், குளோர்ஃபெனிரமின், அமிட்ரிப்டிலின், குளோர்ப்ரோமசின். புத்தகத்துல இதெல்லாம் ஆளுக்கொரு அத்தியாயத்துல கிடக்கும். ஒண்ணு சிறுநீர்ப்பைக்கு, ஒண்ணு பார்க்கின்சனுக்கு, ஒண்ணு அலர்ஜிக்கு, ஒண்ணு மனச்சோர்வுக்கு. அப்படிப் பிரிஞ்சு கிடக்கிறதாலதான் நம்ம ஒவ்வொண்ணுக்கும் தனிப்பட்டியல் போடுறோம்.

இதுல வியர்வையை மட்டும் கொஞ்சம் நின்னு பாருங்க, க்விஸ்ல இதை வச்சுதான் மடக்குவாங்க. வியர்வைச் சுரப்பிக்குப் போற நரம்பு சிம்பதெட்டிக். ஆனா அந்த நரம்பு அங்க விடுறது நார்அட்ரினலின் இல்லை, அசிடைல்கோலின். அதனால அட்ரோபின் அதிகமானா வியர்வை நின்னுடும், உடம்பு சூடாகி, சிவந்து, காஞ்சு போயிருக்கும். இப்போ ஆம்ஃபெடமின் அதிகமான ஆளை நினைச்சுப் பாருங்க. அவருக்கும் நாடி வேகம், அவருக்கும் கண்பாவை விரிஞ்சிருக்கும், அவரும் பதட்டமா இருப்பார். ஆனா வியர்வையில நனைஞ்சிருப்பார். ரெண்டு பேருக்கும் நடுவுல வித்தியாசத்தைக் காட்டுறது தோல்தான். கேள்வியில ‘தோல் வறண்டிருக்கிறது’ன்னு ஒரு வார்த்தை சும்மா வராது.

அடுத்த ரெண்டு பக்கமும் சின்னது. ஹிஸ்டமின் எச்1 அடைபட்டா தூக்கம், பசி, எடை. ஆல்ஃபா 1 அடைபட்டா ரத்தக்குழாய் இறுக முடியாது, அதனால எழுந்து நிக்கும்போது பிரஷர் இறங்கும். ப்ரசோசினோட முதல் டோஸ்ல மயங்கி விழுறாங்கன்னு படிச்சிருப்பீங்க, அது இந்தப் பக்கம்தான்.

இப்போ அமிட்ரிப்டிலினுக்குத் திரும்ப வாங்க. அதோட பேர் இந்த மூணு பக்கத்துலயும் இருக்கு. அவ்வளவுதான் நீங்க ஞாபகம் வச்சுக்க வேண்டியது. முதல் பக்கத்துல இருந்து வறட்சி, மலச்சிக்கல், மங்கல். ரெண்டாவதுல இருந்து தூக்கம், எடை. மூணாவதுல இருந்து தலைசுத்தல். ஆறும் வந்துடுச்சு. கூடவே ஒரு குறிப்பு மட்டும் தனியா எழுதுங்க: இதயத்தோட சோடியம் சேனலையும் இது அடைக்கும். ஓவர்டோஸ்ல இசிஜியில க்யூஆர்எஸ் அகலமாகுறதும், அதுக்கு சோடியம் பைகார்பனேட் கொடுக்கிறதும் அதனாலதான்.

சரி, ஒரு கேள்வி போட்டுப் பார்ப்போம். 72 வயசு ஆள். புராஸ்டேட் ஏற்கனவே வீங்கியிருக்கு. மூக்கு ஒழுகுதுன்னு தானா ஒரு மாத்திரை வாங்கிப் போட்டார். அன்னிக்கு ராத்திரி சிறுநீர் கழிக்க முடியலை, அடிவயிறு உப்பியிருக்கு, கொஞ்சம் உளறுறார். லோராடடின், மாண்டெலூகாஸ்ட், குளோர்ஃபெனிரமின், பாராசிட்டமால், இதுல எது காரணம்?

பட்டியலாப் படிச்சவங்க நாலு பட்டியலையும் தேடணும். நம்ம முதல்ல கேள்வியைத்தான் படிக்கணும், மருந்தை இல்லை. சிறுநீர் கட்டுது, குழப்பம் இருக்கு. ரெண்டும் முதல் பக்கம். அப்போ அந்தப் பக்கத்து ஓரத்துல இருக்கிற பேர் எது? குளோர்ஃபெனிரமின். லோராடடினும் ஆன்டிஹிஸ்டமின்தானேன்னு கை அங்க போகும். ஆனா அது ரெண்டாம் தலைமுறை. மஸ்கரினிக்ல பெருசா ஒட்டாது, மூளைக்குள்ள அவ்வளவா போகாது. அதனால என் நோட்டுல ஆன்டிஹிஸ்டமின்னு ஒரே குழுவே கிடையாது. பழசு ரெண்டு பக்கத்துல இருக்கும், புதுசு ஒரு பக்கத்துல மட்டும்.

மருந்துப் பேரோட வாலைப் பார்த்து குழு பிரிக்கிறதைப் பத்தி நிறைய பேர் கேட்கிறீங்க. பண்ணுங்க, ஆனா அரைகுறையா பண்ணாதீங்க. ஒமெப்ரசோல், பேண்டோப்ரசோல் வயித்து அமிலத்தைக் குறைக்கும். அதே ஓசையில முடியுற அரிபிப்ரசோல் மனநோய்க்கான மருந்து. வால் ஒண்ணு, வேலைக்கு சம்பந்தமே இல்லை.

கடைசியா இந்த முறை எங்க கைவிடும்னு சொல்லிடுறேன். க்ளோசபின். மஸ்கரினிக்கை நல்லாவே அடைக்கிற மருந்து, அதனால மலச்சிக்கல் வரும், அது ஆபத்தாகிற அளவுக்கே போகலாம். அப்போ வாயும் வறளணும்ல? இல்லை. எச்சில் வடியும், தூங்கும்போது தலையணையே நனையும். மஸ்கரினிக்லயே எம்4ங்கிற வகையை அது தூண்டுறதும் ஒரு காரணம்னு சொல்றாங்க. இதை மட்டும் முதல் பக்கத்துல சிவப்பு மையில எழுதியிருக்கேன், ஏன்னா கேள்வி போடுறவங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

இன்னொண்ணும் அதே க்ளோசபின்தான்: வெள்ளை அணுக்கள் அடியோட சரிஞ்சுபோற அக்ரானுலோசைட்டோசிஸ். இதை எந்த ரிசெப்டரை வச்சும் வரவழைக்க முடியாது. இந்த மாதிரி ஆளுங்களுக்கு நோட்டோட பின்பக்கம் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கேன். அங்க மட்டும் மருந்துப் பேர்தான் தலைப்பு, அங்க மட்டும் மனப்பாடம்தான். அந்தப் பக்கம் ரொம்ப நீண்டுக்கிட்டே போச்சுன்னா, குழுவுல சேர வேண்டியது எதையோ சோம்பேறித்தனமா அங்க தள்ளிட்டிருக்கோம்னு அர்த்தம்.