ஐந்தாயிரமா, ஐம்பதாயிரமா?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஓர் அச்சகத்தில் 22 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் ஓய்வு பெறவில்லை. அக்கம்பக்கத்தில் யார் வீடு மாறினாலும் வாடகை ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவருவார்கள். சட்டம் சொல்ல நான் வக்கீல் இல்லை. எழுதியிருப்பதும் பேசி முடித்ததும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்வேன், அவ்வளவுதான். அப்படிப் பார்த்த ஒரே ஓர் ஒப்பந்தத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

தாம்பரத்தில் ஓர் இளம் தம்பதி. வாடகை 15,000 ரூபாய். அட்வான்ஸ் ஒன்றரை இலட்சம், அதாவது பத்து மாத வாடகை. சென்னைப் பக்கம் வெகு நாளாக இருக்கும் வழக்கம் அது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டிருந்தால் அது நிற்கும் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. அப்படியானால் பத்து மாத அட்வான்ஸ் கொடுப்பவருக்கு ஒப்பந்தத்தின் வாசகம்தான் காவல். அதில் ஓர் எழுத்து பிசகினால் பணம் பிசகும்.

அந்தப் பெண் மூன்று பக்கத்தையும் நீட்டி, "அக்கா, நாளைக்குப் பத்திரத்தில் பிரிண்ட் எடுக்கிறார்கள், கையெழுத்துப் போட்டுவிடலாமா?" என்று கேட்டாள். நல்ல வேளை, கையில் இருந்தது வெள்ளைத்தாள் நகல். முத்திரைத்தாளில் அச்சடித்த பிறகு தவறு தெரிந்தால் புதுத் தாள் வாங்க வேண்டும், அந்தச் செலவு யாருடையது என்று பேச வேண்டும். அதனாலேயே பலர் "பரவாயில்லை, இருக்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். வெள்ளைத்தாளில் ஒரு நகல் கேட்டு வாங்கிவிடுங்கள். எந்த டைப்பிங் சென்டரிலும் தருவார்கள்.

முதலில் நான் வாக்கியங்களைப் படிப்பதில்லை. பென்சிலை எடுத்து, எண்களையும் தேதிகளையும் மட்டும் வட்டமிடுவேன். அப்புறம் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, பேசி முடித்ததை அவர் வாயால் சொல்லச் சொல்வேன். என் கண் தாளில் இருக்கும், அவர் கண் தாளில் இருக்கக் கூடாது. இரண்டு பேரும் தாளையே பார்த்தால், தாளில் உள்ளதையே இருவரும் நம்பிவிடுவோம்.

அட்வான்ஸ் வரியில் இப்படி இருந்தது: "ரூ.1,50,000/- (ரூபாய் ஒரு இலட்சத்து ஐந்தாயிரம் மட்டும்)". எண்ணில் ஒன்றரை இலட்சம், எழுத்தில் ஒரு இலட்சத்து ஐந்தாயிரம். ஐந்தாயிரம், ஐம்பதாயிரம் இரண்டும் ஓடுகிற கண்ணுக்கு ஒரே சொல் மாதிரிதான் தெரியும். அந்தப் பெண்ணும் அவள் கணவரும் ஆளுக்கு இரண்டு முறை படித்திருந்தார்கள், இருவர் கண்ணிலும் படவில்லை. இதில் போவது 45,000 ரூபாய். எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதுதான் தொகை என்று காசோலைக்குச் சட்டமே சொல்கிறது. ஒப்பந்தங்களிலும் எழுத்துக்கே மதிப்புக் கொடுப்பதுதான் பொதுவான வழக்கம். ஆகவே, எழுத்தில் உள்ள தொகையை ஒவ்வொரு அசையாக உச்சரித்துப் படியுங்கள். ஐம்-ப-தா-யி-ரம். வாய் விட்டுப் படித்தால் மட்டுமே இந்தத் தவறு காதில் விழும்.

அதே வரியில் இன்னொன்றும் இருந்தது. மேற்படி தொகை முழுவதையும் உரிமையாளர் "நாளது தேதியில் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டார்" என்று இருந்தது. நடந்தது வேறு. வீடு பார்த்த அன்று டோக்கன் அட்வான்ஸ் 25,000 ரொக்கம், அப்புறம் வங்கிக் கணக்கில் 1,25,000. நாளைக்கு ஒரு பேச்சு வந்தால், வங்கிப் புத்தகத்தில் 1,25,000 இருக்கும், ஒப்பந்தத்தில் ரொக்கம் என்று இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. எந்தத் தேதியில், எந்த வழியில், எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொன்னேன்.

அடுத்து, பணம் திரும்பி வருவதைப் பற்றிய வரி: "மேற்படி முன்பணம் வீட்டைக் காலி செய்த பின்னர் வட்டியின்றித் திருப்பித் தரக்கூடியதாகும்." படித்தால் நல்லபடியாகத்தான் தெரிகிறது. ஆனால் "தரக்கூடியது" என்பது தர முடியும் என்று சொல்கிறதே ஒழிய, தர வேண்டும் என்று சொல்லவில்லை. யார் தர வேண்டும் என்பதும் இல்லை. "காலி செய்த பின்னர்" என்றால் மறுநாளும் பின்னர்தான், ஆறு மாதம் கழித்தும் பின்னர்தான். காலி செய்து ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தத்திலும் ஒரு நாளைக் குறித்துவிட்டால் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. நாங்கள் மாற்றி எழுதியது இது: "வாடகைதாரர் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கும் அன்றே, வாடகை பாக்கி, மின் கட்டண பாக்கி, இயல்பான தேய்மானம் நீங்கலாக ஏற்பட்ட சேதம் ஆகியவற்றை மட்டும் கழித்துக்கொண்டு, மீதி முன்பணம் முழுவதையும் உரிமையாளர் வாடகைதாரருக்குத் திருப்பித் தர வேண்டும்." இதில் "மட்டும்" என்ற சொல் மிக முக்கியம். அது இல்லாவிட்டால் பெயின்ட் கூலி, சுத்தம் செய்த கூலி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

சரி, ஒப்பந்தக் காலத்துக்கு வருவோம். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அதனால்தான் எல்லாரும் 11 மாதம் என்று எழுதுகிறார்கள். இந்த ஒப்பந்தத்தில் "10.06.2025 முதல் 10.05.2026 வரை 11 மாத காலத்திற்கு" என்று இருந்தது. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஜூன் 10-இல் தொடங்கினால் முதல் மாதம் ஜூலை 9-இல் முடிகிறது. இப்படியே போனால் பதினோராவது மாதம் 2026 மே 9-இல் முடியும். மே 10 என்பது பன்னிரண்டாவது மாதத்தின் முதல் நாள். ஒரு நாள்தானே என்று விடாதீர்கள். காலம் முடிந்தும் வீட்டில் இருந்தார் என்றோ, புது மாதம் தொடங்கிவிட்டது, வாடகை கொடு என்றோ பேச்சு வருவதற்கு அந்த ஒரு நாள் போதும்.

வாடகை உயர்வைச் சொல்லும் ஏழாவது பிரிவில் "09.05.2025-க்குப் பிறகு வாடகை 5 சதவீதம் உயர்த்தப்படும்" என்று இருந்தது. இவர்கள் குடி வருவதற்கு ஒரு மாதம் முந்தைய தேதி அது! முன்பு குடியிருந்தவருடைய ஒப்பந்தத்தைத் திறந்து, பெயரை மாற்றி, முதல் பக்கத்துத் தேதியை மாற்றியிருக்கிறார்கள். ஏழாவது பிரிவு அப்படியே நின்றுவிட்டது. முதல் பக்கத்தில் உள்ள தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மற்ற பக்கங்களில் வரும் ஒவ்வொரு தேதியையும் அதோடு ஒட்டிப் பார்த்தால் இது உடனே சிக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். "பிரதி ஆங்கில மாதம் 5-ஆம் தேதிக்குள் வாடகை" என்று இருந்தது. குடி வருவதோ 10-ஆம் தேதி. அப்படியானால் ஜூன் மாதத்துக்கு எவ்வளவு? 10 முதல் 30 வரை 21 நாள், நாளுக்கு 500 ரூபாய், ஆக 10,500. உரிமையாளரும் அதைத்தான் மனதில் வைத்திருந்தார், தாளில் இல்லை. ஒரு வரி சேர்த்தோம்.

மூன்றாவதாக முன்னறிவிப்பு. இந்த இடத்தில்தான் எனக்கு மனம் பதைத்தது. வாயால் பேசி முடித்தது, யார் சொன்னாலும் இரண்டு மாதம். தாளில் இருந்தது: "வீட்டைக் காலி செய்ய விரும்பினால் 1-வது பார்ட்டி 2-வது பார்ட்டிக்கு 3 (மூன்று) மாதத்திற்குள் முன்னறிவிப்பு தர வேண்டும்." முதல் பக்கத்தில் 1-வது பார்ட்டி உரிமையாளர். ஆக, எழுத்துப்படி பார்த்தால் வீட்டைக் காலி செய்யப் போகிறவர் உரிமையாளர்! வேறொரு கோப்பில் வாடகைதாரர் 1-வது பார்ட்டியாக இருந்திருப்பார், அங்கிருந்து இந்தப் பிரிவு வந்திருக்கிறது. உரிமையாளர் வீட்டைக் கேட்டால் எத்தனை மாதம் அவகாசம் என்று எங்கேயும் ஒரு வார்த்தை இல்லை. எண் போட்ட பெயர்களை எல்லா இடத்திலும் நீக்கிவிட்டு, உரிமையாளர், வாடகைதாரர் என்றே எழுதச் சொன்னேன். அப்போது ஆள் மாறினால் படிக்கும்போதே உறுத்தும்.

அந்த வரியில் "மாதத்திற்குள்" என்ற சொல்லையும் பாருங்கள். மூன்று மாதத்திற்குள் சொல்ல வேண்டும் என்றால், காலி செய்வதற்கு முந்தின நாள் சொன்னாலும் அது "உள்"தான். நினைத்தது "முன்". இரண்டுமே இரண்டெழுத்துச் சொல், பொருள் நேர் எதிர். "குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்" என்றுதான் இருக்க வேண்டும்.

அந்த இரண்டு மாதம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதும் வேண்டும். ஜனவரி 18-இல் எழுதிக் கொடுத்தால், கிடைத்த நாளிலிருந்து எண்ணும்போது மார்ச் 18 வரை. "அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்துதான் கணக்கு" என்று உரிமையாளர் சொன்னால் மார்ச் 31 வரை. இடையில் 13 நாள் வாடகை, ஆறாயிரத்துக்கு மேல். "எழுத்து மூலமான முன்னறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து" என்று சேர்த்தோம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா, பதிவுத் தபால் வேண்டுமா என்பதையும் அவர்களே பேசி, இரண்டுமே ஏற்கப்படும் என்று முடிவு செய்தார்கள்.

திருத்தங்களையெல்லாம் வாங்கிக்கொண்டு டைப்பிங் சென்டரில் அன்று சாயங்காலமே புது நகல் கொடுத்தார்கள். திருத்திய தாளைப் பழைய தாளோடு ஒட்டி மறுபடியும் முழுதாகப் பார்க்க வேண்டும் என்பது அச்சகத்துப் பாடம். ஒரு தவறைத் திருத்தும் கை, பக்கத்திலேயே இன்னொன்றை விட்டுச் செல்லும். பார்த்தேன். ஐம்பதாயிரம் சரி, மே 9 சரி, ஏழாவது பிரிவு சரி. முன்னறிவிப்புப் பிரிவில் எண்ணை 2 என்று மாற்றியிருந்தார்கள். அடைப்புக்குறிக்குள் "மூன்று" அப்படியே இருந்தது.

அந்தப் பெண் அதைத் தானே கண்டுபிடித்தாள், நான் சொல்வதற்கு முன்பே. பென்சிலால் வட்டமிட்டுவிட்டு, கணவரை மறுபடி சென்டருக்கு அனுப்பினாள். மறுநாள் காலையில் முத்திரைத்தாளில் அச்சாகி, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட்டு, சாட்சிகளும் கையெழுத்திட்டு, ஒரு பிரதி அவள் கைக்கு வந்தது. 11 மாத ஒப்பந்தமானாலும் அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் தனியாகச் சொல்வதால், tenancy.tn.gov.in தளத்தில் விவரங்களை நிரப்பும்போதும் அந்தப் பிரதியைப் பக்கத்தில் விரித்து வைத்து, தொகையையும் தேதிகளையும் அவள் வாய் விட்டுப் படிக்க, கணவர் தட்டச்சு செய்தாராம்.

நன்றி, வணக்கம்.