"எல்லா லாரியும் எடை போடுறீங்களா?" என்று கேட்டால் என்ன நடக்கும்?

[காட்சி: மாதவரம் பக்கம் ஒரு பழைய இரும்பு யார்டு. கேட், எடை மேடை, அதன் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்ன அறை.]

வணக்கம். தணிக்கைக்கு வெளியே போனால் முதல் நாளே ஊழியர்களிடம் பேச வேண்டியிருக்கும். அதை எப்படிச் செய்வது என்று ஒரே ஒரு யார்டை வைத்துப் பார்ப்போம். இந்த யார்டும் அதில் உள்ள எண்களும் விளக்கத்துக்காக நானே அமைத்தவை. ஆனால் இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குக் கதை பழக்கப்பட்டதாகத்தான் இருக்கும்.

யார்டு பழைய இரும்பை எடைக்கு வாங்குகிறது. லாரி உள்ளே வந்ததும் லோடோடு ஒரு எடை, இறக்கிய பிறகு காலி வண்டியாக இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கின் எடை. அந்த எடையை வைத்துத்தான் சரக்கு வரவுச் சீட்டு போட்டு, சப்ளையருக்குப் பணம் தருகிறார்கள். "ஒவ்வொரு லாரியும் எடை போடப்படுகிறது" என்று நிறுவனத்தின் நடைமுறைக் கையேடு சொல்கிறது.

புதிதாக வந்த தணிக்கையாளர் ஸ்டோர் கீப்பரிடம் கேட்கிறார்: "எல்லா லாரியும் எடை போடுறீங்களா சார்?"

"ஆமா சார்."

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. இவர் நோட்டில் ஒரு டிக் போட்டார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. என்ன பதில் வேண்டும் என்று கேள்வியே சொல்லிவிட்டது, அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார். மேனேஜரும் பக்கத்தில் நிற்கிறார் என்றால் வேறு என்ன சொல்வார்?

[காட்சி: அதே அறை. மேனேஜர் இல்லை. இரண்டு ஸ்டூல், இரண்டு டீ.]

இப்போது வேறு மாதிரி. தணிக்கையாளர் மேனேஜரின் ஏசி அறைக்கு அவரைக் கூப்பிடவில்லை. எடை மேடைக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணே, நேத்து கடைசியா வந்த வண்டிய எடுத்துக்குவோம். கேட்டுல நுழைஞ்சதுல இருந்து வெளிய போற வரைக்கும் என்ன நடந்துச்சு?"

இதற்கு "ஆமா" என்று பதில் சொல்ல முடியாது. "பொதுவா என்ன செய்வீங்க" என்று கேட்டால் கையேட்டில் உள்ளதுதான் வரும். நேற்றைய வண்டி என்றால் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லச் சொல்ல, நடுவில் "அப்புறம்?" என்பதற்கு மேல் எதுவும் பேசாதீர்கள். கொஞ்சம் மௌனம் வந்தால் அதை நிரப்ப அவசரப்படவும் வேண்டாம். அதை அவரே நிரப்புவார்.

"கடைசி வண்டி ராத்திரி பதினோரு மணிக்கு மேல வந்துச்சு சார். பகல்ல சிட்டிக்குள்ள பெரிய வண்டிய விட மாட்டான். அதனால அந்தப் பக்கத்து வண்டிங்க ராத்திரிதான் வரும்."

"அப்போ எடை மேடைல யார் இருப்பா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. டீயை ஒரு வாய் குடிக்கிறார். "ஆபரேட்டர் எட்டு மணிக்குக் கிளம்பிடுவாரு தம்பி. ராத்திரி வண்டிய நிறுத்தி வச்சு, காலைல எடை போட்டுருவோம்."

"சார்" எப்போது "தம்பி" ஆனது என்று கவனித்தீர்களா? உபயோகமான தகவல் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

சரி, கதை நம்பும்படி இருக்கிறது. அப்படியே எழுதிக்கொள்ளலாமா? கூடாது. தணிக்கைச் சான்று பற்றிய இந்தியத் தரநிலை எஸ்.ஏ. 500. ஒரு கட்டுப்பாடு உண்மையில் இயங்குகிறதா என்று சோதிக்க விசாரிப்பது மட்டும் போதாது என்பது அதன் நிலை. விசாரிப்பதால் எங்கே தேட வேண்டும் என்பது தெரியும். தேடுவதற்கு ஆவணம் வேண்டும்.

[திரையில்: கேட் ரிஜிஸ்டர் → எடைச் சீட்டு → சரக்கு வரவுச் சீட்டு]

எந்த ஆவணத்தில் தொடங்குவது? நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். எடைச் சீட்டுக் கட்டை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வரவுச் சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லாம் அழகாகப் பொருந்தும். பொருந்தாமல் எப்படி? எடை போடாத லாரிக்கு எடைச் சீட்டே இருக்காது, அது அந்தக் கட்டில் வரவே வராது.

அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும். லாரி வந்ததைப் பதிவு செய்வது கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி. அவர் ஸ்டோர் கீப்பரின் ஆள் இல்லை, எடைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. பதில் சொன்னவரின் கை படாத ஆவணம் என்பதால்தான் கேட் ரிஜிஸ்டர்.

ஜூலை மாத ரிஜிஸ்டரில் 120 லாரிகள். மூன்றுக்கு ஒன்றாக 40 எடுத்தார். 31 வண்டிகளுக்கு அதே தேதியில் எடைச் சீட்டு இருந்தது, 9 வண்டிகளுக்கு இல்லை. ஒன்பதும் இரவு எட்டு மணிக்கு மேல் வந்தவை.

இந்த இடத்தில் "சிக்கினார்கள்" என்று குதிக்காதீர்கள். அண்ணன் என்ன சொன்னார்? மறுநாள் காலையில் எடை போடுவோம் என்றார். மறுநாள் தேதியில் தேடியபோது 4 வண்டிகளின் சீட்டு கிடைத்தது. அவர் சொன்னது அந்த நான்குக்கும் உண்மை.

மிச்சம் 5. இவற்றுக்கு ரிஜிஸ்டரின் கடைசிப் பத்தியைப் பார்க்க வேண்டும், அதாவது வண்டி வெளியே போன நேரம். ஒரு லாரி இரவு 11.40க்கு வந்து 2.15க்குப் போயிருக்கிறது. எடை மேடை திறப்பது காலை 8 மணிக்கு. மற்ற நான்கும் விடிவதற்கு முன்பே போனவைதான். போன வண்டியை யார் காலையில் எடை போட முடியும்?

வரவுச் சீட்டும் அதையே சொல்கிறது. எடை போட்ட வண்டிகளில் நம் எடைக்கும் சப்ளையர் பில்லுக்கும் 20 முதல் 60 கிலோ வரை வித்தியாசம் இருந்தது. வேறு வேறு மேடையில் போட்டால் அப்படித்தான் இருக்கும். இந்த ஐந்திலும் வித்தியாசமே இல்லை. பில்லில் 14,370 கிலோ, வரவுச் சீட்டிலும் 14,370 கிலோ. இவ்வளவு கச்சிதமாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

காரணம் தெரிந்துவிட்டதால் இனி மாதிரி எடுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இரவு வண்டிகள் எல்லாவற்றையும் பார்த்தார். மாதத்தில் 27 வந்திருக்கின்றன, 14 எடை போடாமலே போயிருக்கின்றன.

ரிஜிஸ்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பல நாள் பதிவுகள் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியது போலத் தெரிந்தால், அது பிறகு உட்கார்ந்து நிரப்பியதாக இருக்கலாம். கேமரா பதிவு அழிவதற்குள் இரண்டு மூன்று நேரங்களை ஒப்பிட்டுவிடுங்கள்.

இப்போது என்ன எழுதலாம்? "14 லாரிகளில் திருட்டு" என்று எழுத முடியாது, அதற்குச் சான்று இல்லை. இரும்பு முழுசாகவே வந்திருக்கலாம். சப்ளையர் சொன்ன எடையைச் சரிபார்க்காமலேயே 14 லாரிகளுக்கு வரவு போடப்பட்டது என்று எழுதலாம், எந்தெந்த வண்டி என்ற பட்டியலோடு. ஸ்டோர் கீப்பரின் மேல் பழி போடவும் வேண்டாம். இரவு ஷிப்டுக்கு ஆபரேட்டர் போடாதது அவர் முடிவா என்ன?

[காட்சி: மறுபடியும் அதே இரண்டு ஸ்டூல்.]

ரிப்போர்ட் போவதற்கு முன் அண்ணனிடம் திரும்பிப் போய், அவர் சொன்னதாக எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். நம் தணிக்கையாளரும் காட்டினார். "இரவு எட்டு மணிக்கு மேல் ஆபரேட்டர் இல்லை" என்ற வரியில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது சரி தம்பி. ஆனா ரெண்டாவது ஞாயித்துக்கிழமை அவருக்கு லீவு. அன்னிக்குப் பகல்லயும் ஒண்ணு ரெண்டு வண்டி வரும். அதையும் எழுதிக்கங்க."

மூன்றுக்கு ஒன்றாக எடுத்த 40 வண்டிகளில் அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி ஒன்றுகூட விழவில்லை. தணிக்கையாளர் கேட் பக்கம் திரும்ப நடந்தார், ரிஜிஸ்டரை வாங்க.