பல்லிகுடம்: குழந்தை எழுதிய கதையை எழுதியபடியே தட்டுவது எப்படி

(திரையில்: கோடு போட்ட நோட்டுத் தாளின் புகைப்படம். பென்சிலில் ஐந்து வரிகள். பெயர் இருந்த மூலை மறைக்கப்பட்டிருக்கிறது.)

வணக்கம். மொரீஷியஸ் ரோஸ் ஹில் பக்கம் சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். இந்தப் பக்கத்தை எழுதியவளுக்கு எட்டு வயது. வீட்டில் கிரியோல் பேசுகிறாள், பாட்டியிடம் மட்டும் கொஞ்சம் தமிழ். கதையை வகுப்பு மலரில் போடுவதற்காக அவள் அம்மா போனில் படம் எடுத்து அனுப்பினார். அதை நான் தட்டினேன், என்னுடன் வகுப்பெடுக்கும் அக்காவும் தனியாகத் தட்டினார். இரண்டையும் ஒப்பிட்டபோது ஐந்து வரிக்குள் நான்கு இடத்தில் வித்தியாசம். இரண்டு பேருமே தெரியாமலே அவளைத் திருத்தியிருந்தோம்.

அவள் எழுதியது இதுதான்:

```
எஙக வீடுல சிக்லோன் வந்துசி
பல்லிகுடம் முடிடாங
நான் பாட்டி கிட மலை பாத்தேன்
ஒரு பல்லி செவுல ஓடிசி
பாட்டி சொனாங பல்லி பேசுது
```

புயல் வந்தது, பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், பாட்டியோடு இருந்தேன், செவுத்தில் ஒரு பல்லி ஓடியது, பல்லி பேசுகிறது என்று பாட்டி சொன்னார்கள். கதை அவ்வளவுதான். நல்ல கதை.

இதைப் படிக்கும்போது உங்கள் மனமே எழுத்துகளைத் திருத்திக்கொண்டு போயிருக்கும். தட்டும்போதும் அப்படித்தான் ஆகிறது. ஆனால் முதல் வரியில் தப்பு என் மனத்துடையது இல்லை, விசைப்பலகையுடையது.

(திரையில்: முதல் சொல் பெரிதாக்கப்படுகிறது. ங மேல் புள்ளி இல்லை.)

எஙக. ங மேல் புள்ளி கிடையாது. நான் தட்டுவது தமிழ்99 விசைப்பலகையில். அதில் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவது தானாகப் புள்ளி வாங்கிக்கொள்ளும். மெல்லினத்துக்குப் பின்னால் அதன் இன வல்லினத்தைத் தட்டினாலும் அப்படியே. ங, அப்புறம் க என்று தட்டினேன், திரையில் 'எங்க' என்று வந்துவிட்டது. வேகமாகத் தட்டுகிறவனுக்கு இது வரம். இந்த வேலைக்கோ நேர் எதிர். குழந்தை விட்ட புள்ளியை விசைப்பலகை போட்டுவிடுகிறது, திரையில் சரியான தமிழ் தெரிவதால் யாருக்கும் சந்தேகமும் வருவதில்லை.

வழி சுலபம். ங தட்டியதும் அ விசையை ஒரு தரம் தட்டிவிட்டு, அப்புறம் க தட்டுங்கள். புள்ளி வராது. போனில் தட்டுகிறவர்கள் தானாகத் திருத்துவதையும் பரிந்துரைச் சொற்களையும் அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறையை இதற்குத் தொடவே வேண்டாம். pallikudam என்று அடித்தால் அது முதலில் நீட்டுவது பள்ளிக்கூடமாகத்தான் இருக்கும்.

அதே வரியில் 'சிக்லோன்' இருக்கிறது. கிரியோலில் புயலுக்கு அதுதான் சொல். அதைப் 'புயல்' என்று மாற்றுவது எழுத்துத் திருத்தம்கூட இல்லை, மொழிபெயர்ப்பு. அப்படியே விட்டோம்.

(திரையில்: இரண்டாம் வரி. 'பல்லிகுடம்' என்ற சொல்லில் கு மேல் ஒரு கறுப்புப் பொட்டு.)

அடுத்தது பல்லிகுடம். எனக்கு ரொம்பப் பிடித்த சொல் இது. பல்லியும் குடமும் சேர்ந்து பள்ளிக்கூடம். கிரியோலில் ஒரே ல தான், ள என்ற ஒலி கிடையாது. மெய்யை இரட்டித்துச் சொன்னால் பொருள் மாறுவதும் அதில் கிடையாது. அவள் காதுக்கு வந்ததை எழுதியிருக்கிறாள்.

இங்கே அக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. படத்தில் கு மேல் ஒரு பொட்டு தெரிகிறதே, அவள் ஒரு 'க்' போட நினைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டாளோ? அந்தப் படம் ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளையாக மாற்றப்பட்டு வந்தது. அந்த வடிகட்டி லேசான பென்சில் கோட்டை வெளுத்துவிடும், தாளில் இருக்கும் கறையைக் கறுப்பாக்கிவிடும். தமிழில் புள்ளிதான் மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிக்கிறது. அதனால் ஒரு தூசி ஒரு எழுத்தையே மாற்றிவிடும்.

அம்மாவிடம் கேட்டு மறுபடி எடுக்கச் சொன்னோம். கலர்ப் படம், வடிகட்டி இல்லாமல், ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும்படி, போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொன்னோம், இல்லையென்றால் அது படத்தைச் சுருக்கிவிடும். புதுப் படத்தில் பார்த்தால் அந்தப் பொட்டு பழுப்பு நிறம், பளபளப்பே இல்லை. அவள் நிஜமாக வைத்த புள்ளிகளைப் பாருங்கள்: பென்சிலை அழுத்தி ஒரு சின்ன வட்டம் சுற்றுகிறாள், சாய்வு வெளிச்சத்தில் தாள் குழிந்திருப்பதுகூடத் தெரிகிறது. பழுப்புப் பொட்டில் குழி இல்லை. அது கறை. தேநீராக இருக்கலாம்.

(திரையில்: நான்காம் வரி. ச, அதன் வலப்பக்கம் ஒற்றைக் கொம்பு, பிறகு வு, ல.)

நான்காம் வரியில் இன்னொரு வகைச் சிக்கல். தாளில் ச எழுதி, அதற்கு வலப்பக்கம் கொம்பு போட்டு, அப்புறம் வு போட்டிருக்கிறாள். நம் கண்ணுக்குக் கொம்பு எப்போதும் அடுத்த எழுத்துக்குச் சொந்தம், அதனால் 'ச' தனியாகவும் கொம்பு வகரத்தோடும் போகிறது. ஆனால் வகரத்தில் ஏற்கெனவே உகரக் குறி இருக்கிறது. ஒரு எழுத்து எகரத்தையும் உகரத்தையும் ஒன்றாக ஏந்தாது. ஆகவே அந்தக் கொம்பு சகரத்துடையது, அவள் எழுத நினைத்தது செவு, அதாவது செவுரு. முதலில் ச் கேட்கிறது, பிறகு எ கேட்கிறது, கேட்ட வரிசையிலேயே எழுதிவிட்டாள். பிரெஞ்சும் கிரியோலும் எழுதிப் பழகிய கைக்கு இது இயல்பு. அங்கே உயிரெழுத்து மெய்யைத் தாண்டி முன்னால் குதிக்காது.

சரி, இதை எப்படித் தட்டுவது? யூனிகோடில் முடியாது. வேடிக்கை என்னவென்றால், கணினிக்குள்ளும் ச முதலில்தான் பதிவாகிறது, கொம்பு பிறகுதான். குழந்தையின் வரிசையேதான். ஆனால் திரையில் காட்டும்போது எழுத்துரு கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய்விடுகிறது. அதனால் 'செவுல' என்று தட்டிவிட்டு, பக்கத்தில் 'தாளில் கொம்பு சகரத்துக்கு வலப்பக்கம்' என்று குறிப்பு வைத்தோம். குறிப்பு இல்லாவிட்டால் அந்தத் தகவல் அங்கேயே செத்துப்போகும்.

எழுத்துப் பிழை வேறு, கையெழுத்துக் கோணல் வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதே பக்கத்தில் 'நான்' என்பதன் றன்னகரத்துக்கு மூன்று சுழி போலத் தெரிகிறது. ண என்று தட்டலாமா? அவளுடைய மற்ற னகரங்களைப் பார்த்தோம். 'சொனாங', 'பாத்தேன்', 'சிக்லோன்' எல்லாவற்றிலும் தெளிவாக இரண்டு சுழிதான். 'நான்' என்பதில் மூன்றாவது சுழி பென்சில் வழுக்கிய கோடு. இப்படி அந்தக் குழந்தையின் மற்ற எழுத்துகளோடு ஒப்பிட வேண்டுமே தவிர, அகராதியோடு ஒப்பிடக் கூடாது.

(திரையில்: மூன்றாம் வரி. 'மலை' என்ற சொல்லைச் சுற்றி வட்டம்.)

இப்போது மூன்றாம் வரி. பாட்டி கிட மலை பாத்தேன். புயல் நாள், பள்ளிக்கூடம் மூடியாச்சு, பாட்டியோடு ஜன்னலோரம். பள்ளியையே பல்லி என்று எழுதுகிறவள் மழையை மலை என்றுதானே எழுதுவாள்? அக்கா யோசிக்காமல் 'மழை' என்று தட்டிவிட்டார். நான் 'மலை' என்று தட்டினாலும், மழை என்றே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவளையே வாசிக்கச் சொன்னோம். மலை என்று வாசித்தாள். என்ன மலை என்று கேட்டதற்குக் கையை நீட்டி ஜன்னலுக்கு வெளியே காட்டினாள். கோர் தெ கார்த். அவள் வீட்டிலிருந்து பார்த்தால் நேரே தெரியும். மேகத்துக்குள் போய்ப் போய் வந்ததாம், பாட்டியோடு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அவள் தாளில் ஒழுங்காக எழுதியிருந்த ஒரு சொல்லை நாங்கள் தப்பாக்கப் பார்த்தோம்.

அதனால் வாசிக்கச் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். நாங்கள் கேட்டது ஒரு வாரத்துக்குள். ஒரு மாதம் போனால் எழுதிய பிள்ளைக்கே மறந்துபோகும், அப்புறம் அதுவும் நம்மைப் போலவே ஊகிக்க ஆரம்பிக்கும்.

(திரையில்: கோப்பின் படம்.)

எழுதியதும் பொருளும் ஒரே இடத்தில் கலந்துவிடாமல் இருக்க இரண்டு அடுக்காக வைக்கிறோம். மேலே அவள் வரி, தாளில் வரி முறிந்த இடத்திலேயே முறிந்து. கீழே நாங்கள் படித்த விதம். பழைய ஏடுகளைப் பதிப்பிக்கிறவர்கள் பயன்படுத்தும் டி.இ.ஐ. குறிமுறையில் இதற்கென்றே குறிகள் இருக்கின்றன:

```
<choice>
  <orig>பல்லிகுடம்</orig>
  <reg>பள்ளிக்கூடம்</reg>
</choice>
```

அதே முறையில் sic, corr என்று இன்னொரு ஜோடியும் உண்டு. அது முதலாவதைப் பிழை என்று சொல்லும் ஜோடி. நான் orig, reg ஜோடியையே எடுத்துக்கொள்கிறேன், எழுதியது வழக்கத்தில் இல்லாத வடிவம் என்று மட்டும் அது சொல்கிறது. மலரில் அச்சிடும்போது எந்த அடுக்கு வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். 'மலை'க்கு மட்டும் குறி எதுவும் கிடையாது.

சரிபார்க்கும்போது வரியைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி, படத்தில் ஒரு விரல், திரையில் ஒரு விரல் வைத்துப் படியுங்கள். சி, டி, ஓ என்று போனால் பொருள் வந்து இழுக்காது. இப்படிப் பார்த்தபோதுதான் 'வந்துசி', 'ஓடிசி' இரண்டும் ஒரே மாதிரி முடிவதைக் கவனித்தேன். 'முடிடாங', 'சொனாங' இரண்டிலும் 'ங்க' வெறும் ங ஆகியிருக்கிறது. இரண்டு தடவை ஒரே மாதிரி வந்தால் அது கைதவறல் இல்லை, அவள் வைத்திருக்கும் விதி. ஆங்கிலம் பேசும் சின்னப் பிள்ளைகள் தாங்களாகவே எழுத்துக்கூட்டும் விதத்தைச் சார்லஸ் ரீட் என்ற மொழியியலாளர் 1971இல் எழுதினார். அவர்கள் மெய்யெழுத்துக்கு முன்னால் வரும் மூக்கொலியை விட்டுவிடுகிறார்கள், bumpy என்பது bopy ஆகிறது. எங்கள் பிள்ளை அதற்கு நேர்மாறு: மூக்கொலியை வைத்துக்கொண்டு ககரத்தை விட்டிருக்கிறாள். 'எஙக' மட்டும் ஏன் ககரத்தோடு வந்தது? அது வகுப்பில் அட்டையில் பார்த்த சொல், 'பாட்டி', 'பல்லி' போல. 'பாத்தேன்' எப்படி இரட்டித்து வந்தது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

(திரையில்: தட்டிய பக்கத்தின் அச்சு. மேலே பென்சில் கோடுகள்.)

அச்செடுத்து அவளிடம் கொடுத்தோம். கொஞ்ச நேரம் பார்த்தாள். பென்சிலை எடுத்து 'எஙக' மேல் ஒரு சின்ன வட்டம் சுற்றினாள். அந்தத் தாளையும் படம் எடுத்து, தேதி போட்டு, இரண்டாவது பக்கமாக வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் புள்ளி இல்லை.