நான்கு ஜிபியும் ஒரு டிபியும்

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு 35,000 ரூபாய்க்குள் மடிக்கணினி வாங்க வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, பிராசசர் ஐ3 போதுமா, ஐ5 வேண்டுமா என்பதுதான். கட்டுரை எழுதவும் இணைய வகுப்பைக் கேட்கவும் நிரல் எழுதிப் பழகவும் அண்மைக்கால ஐ3 தாராளமாகப் போதும். வேகத்தை விழுங்குவது வேறிடத்தில் இருக்கிறது.

என் தங்கை மகள் பி.காம். சேர்ந்தபோது, 1 டிபி ஹார்ட் டிஸ்க் என்ற எழுத்தைப் பார்த்து மயங்கி, 4 ஜிபி ராம் உள்ள மடிக்கணினி ஒன்றை வாங்கிவிட்டார்கள். பொத்தானை அழுத்திவிட்டு அவள் காபி குடித்து முடித்து வந்தாலும் திரை தயாராகியிருக்காது. நான் காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். உள்ளே கரகரவென்று ஓயாத ஓசை. Ctrl+Shift+Esc அழுத்திப் பார்த்தால் Disk என்ற இடத்தில் 100% என்று நின்றது. பிராசசரோ கால்வாசி கூட உழைக்கவில்லை.

நடந்தது இதுதான். ராம் என்பது வேலை நடக்கும்போது தகவலைக் கைக்கெட்டும்படி வைத்துக்கொள்ளும் இடம். அந்த 4 ஜிபியில் பாதிக்கு மேல் விண்டோஸே எடுத்துக்கொள்கிறது. உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்ததும் இடம் போதாமல், மிஞ்சியதை அது ஹார்ட் டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கிறது. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் அந்தத் தட்டில், சிதறிக் கிடக்கும் தகவலைத் தேடி நொடிக்கு நூறு முறை தாவுவதே கடினம். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டே இல்லை. நொடிக்குப் பல்லாயிரம் முறை எடுத்துத் தரும். ஆகவே 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்கைவிட மேல். திரும்பவும் சொல்கிறேன்: அளவு சிறிதானாலும் எஸ்எஸ்டி, அதனுடன் 8 ஜிபி ராம்.

அவளுடைய கணினியில் ராமுக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. அதே டிடிஆர்4 வகையில் 4 ஜிபி சேர்த்து, ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்எஸ்டி பொருத்தியதும், அதே பிராசசரில் அரை நிமிடத்துக்குள் திரை வந்தது. எல்லாக் கணினிக்கும் இந்த வைத்தியம் பலிக்காது. மிக மலிவானவற்றில் 64 ஜிபி இஎம்எம்சி என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சேமிப்புச் சிப் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, கழற்ற இயலாது. ராமையும் அப்படிப் பற்றவைப்பதுண்டு. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் அதே Ctrl+Shift+Esc அழுத்தி, Performance, Memory என்று போய்ப் பாருங்கள். Slots used: 1 of 2 என்றிருந்தால் பின்னால் ராம் சேர்க்க வழியுண்டு. Form factor என்ற இடத்தில் Row of chips என்றிருந்தால் அது பற்றவைத்த ராம். சில மாடல்களில் இந்த வரிகள் தவறாகவும் காட்டுவதால், தயாரிப்பாளரின் கையேட்டிலும் ஒருமுறை சரிபாருங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். திரையைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். 1920 x 1080 புள்ளிகள் இருக்கட்டும், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறாத ஐபிஎஸ் திரையா என்று நின்றபடியே சாய்ந்து பாருங்கள். பழைய கணினி வாங்குபவர்கள், விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்கும் கணினியாகப் பாருங்கள்; இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம். வணக்கம்.