அசெஸ்மென்ட் சென்டர் முடிந்தது, பதில் இல்லை: எதை, எப்படிக் கேட்பது?

வணக்கம். பிரிட்டனில் பட்டதாரி வேலைத் திட்டங்களுக்கு விண்ணப்பித்து, அசெஸ்மென்ட் சென்டரில் ஒரு நாள் முழுவதும் குழு விவாதம், ரோல் பிளே என்று இருந்துவிட்டு வந்தவர்களுக்காக இன்று பேசுகிறேன். சொன்ன தேதி தாண்டிவிட்டது. வேலை உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. இந்த மௌனம் எனக்கு மிகவும் கோபமூட்டும் விஷயம். ஒரு நாள் முழுவதையும் கொடுத்தவருக்கு ஒரு வரி பதில் கொடுப்பதுதான் மரியாதை.

முதலில், நீங்கள் கிளம்பிய பிறகு அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் உங்களைக் கவனிக்க ஒரு மதிப்பீட்டாளர் இருப்பார். நீங்கள் சொன்னதையும் செய்ததையும் முதலில் அப்படியே எழுதிக்கொள்வார். பிறகு அதைத் திறன்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு திறனுக்கும் மதிப்பெண் போடுவார். கடைசியில் மதிப்பீட்டாளர்கள் எல்லோரும் கூடி, தாள்களை முன்னால் வைத்துக்கொண்டு பேசி முடிவெடுப்பார்கள். இதை அவர்கள் ‘வாஷ்-அப்’ என்பார்கள். பெரும்பாலும் அன்று மாலையே இது முடிந்துவிடும். ஆகவே உங்களைப் பற்றிய கருத்து ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது. பதில் தாமதமாவதற்கு வேறு காரணங்கள் உண்டு: அதே வேலைக்கு இன்னும் சில மதிப்பீட்டு நாட்கள் பாக்கி இருக்கலாம், அல்லது உங்களைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கலாம்.

அதனால் முதல் மின்னஞ்சலில் முடிவை மட்டும் கேளுங்கள். நீங்கள் கலந்துகொண்ட தேதி, வேலையின் பெயர், விண்ணப்ப எண், அவர்கள் சொன்ன கெடு, இவை போதும். “முடிவு எப்போது தெரியும்? நான் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேனா?” என்று நேராகக் கேட்கலாம். வேறு இடத்தில் வேலை கிடைத்து அதற்குப் பதில் சொல்ல வேண்டிய தேதி நெருங்கினால், அந்தத் தேதியையும் எழுதுங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு, பதில் இல்லையென்றால் தொலைபேசியில் அழையுங்கள்.

முடிவு ‘இல்லை’ என்று வந்த பிறகுதான் கருத்தைக் கேட்க வேண்டும். “நான் எதில் சரியில்லை?” என்று கேட்டால், “போட்டி கடுமையாக இருந்தது” என்ற அச்சடித்த பதில்தான் வரும். “ஒவ்வொரு திறனுக்கும் என் மதிப்பெண் என்ன? மிகக் குறைந்த மதிப்பெண்ணுக்குக் காரணமாக நீங்கள் பதிவு செய்த செயல் எது?” என்று கேளுங்கள். பதில் சொல்பவர் அந்தத் தாளை எடுத்துப் படித்தாலே போதும்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இப்படித்தான் கேட்டார். கோபமாக வந்த வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தும் ரோல் பிளேயில் தான் நன்றாகச் செய்ததாகவே அவர் நம்பியிருந்தார். நிதானமாகப் பேசினார், மன்னிப்புக் கேட்டார், பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். வாடிக்கையாளரின் தேவையை அறிதல் என்ற தலைப்பில் அவருக்கு 5-க்கு 2. காரணம், அவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் தீர்வுக்குப் போய்விட்டார். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த வாடிக்கையாளராக நடிப்பவரிடம், கேட்டால் மட்டும் சொல்ல வேண்டிய தகவல் ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். இங்கே அவருக்கு வேண்டியது பணம் இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் பொருள் கைக்கு வர வேண்டும். குழு விவாதத்திலோ, தான் அதிகம் பேசவில்லை என்று தம்பி கவலைப்பட்டிருந்தார். அதில் அவருக்கு 4 கிடைத்திருந்தது. அமைதியாக இருந்த ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கருத்துக் கேட்டதை மதிப்பீட்டாளர் எழுதி வைத்திருந்தார். நாமே நம்மைக் கணிப்பது எவ்வளவு தவறாகப் போகிறது பாருங்கள்.

எதற்கும் பதிலே வரவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. கருத்துச் சொல்ல வேண்டும் என்று நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டம் பிரிட்டனில் இல்லை. ஆனால் உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தகவலைக் கேட்டுப் பெறும் உரிமை, தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களுக்கு உண்டு. இதை ‘சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட்’ என்பார்கள். பொதுவாகக் கட்டணம் கிடையாது, மின்னஞ்சலே போதும். “இந்தத் தேதியில் நடந்த மதிப்பீட்டில் என்னைப் பற்றி எழுதிய குறிப்புகள், மதிப்பெண்கள், வாஷ்-அப் பதிவு” என்று குறிப்பாகக் கேளுங்கள். வழக்கமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம்.

மற்ற விண்ணப்பதாரர்களைப் பற்றிய வரிகளை மறைத்துத்தான் தருவார்கள். இதனால் முடிவு மாறாது. இன்னும் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்கள் என்றால், முதலில் சாதாரண மின்னஞ்சலோடு நில்லுங்கள் என்பது என் கருத்து. அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம். தேர்வாகாதவர்களின் தாள்களைக் குறிப்பிட்ட காலம்வரைதான் வைத்திருப்பார்கள். அது எவ்வளவு காலம் என்பதை விண்ணப்பத்தோடு வந்த தனியுரிமை அறிவிப்பில் பாருங்கள்.